சிறிய கம்பெனிக்கு பி.எம்.ஓ.: ஒரு தாள், ஒரு ஆள், வாரத்துக்கு அரை மணி நேரம்

கேள்வி: கோவையில் மில்களுக்கும் உணவுப்பொருள் ஆலைகளுக்கும் கண்ட்ரோல் பேனல் செய்து, ப்ரோகிராம் எழுதி, சைட்டில் ஓட்டிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. மொத்தம் 34 பேர். ப்ரோகிராமர்கள் இரண்டு பேர்தான். இப்போது கையில் 11 ஆர்டர். எல்லாவற்றையும் 6 வாரத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். வழக்கமாக 8 வாரம் என்று சொல்லி ஆர்டர் எடுக்கிறோம், 11, 12 வாரம் ஆகிவிடுகிறது. தினமும் கஸ்டமர் போன். எங்கள் ஆடிட்டர், "ஒரு பி.எம்.ஓ. ஆரம்பியுங்கள்" என்கிறார். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இருப்பதாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அது என்னதான் செய்யும்? அதற்குத் தனியாக ஆள் எடுக்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

வணக்கம். உங்கள் ஆடிட்டர் சொன்னது சரியான யோசனை. ஆனால் பெரிய கம்பெனியின் பி.எம்.ஓ.வைப் பார்த்து அதையே சின்னதாகச் செய்ய முயலாதீர்கள். அங்கே பத்துப் பேர் உட்கார்ந்து படிவங்களும் அறிக்கைகளும் தயாரிப்பதைப் பார்த்துவிட்டு, நாமும் படிவத்தில் தொடங்கிவிடுவோம். இரண்டு மாதத்தில் படிவம் நிறைய இருக்கும், பேனல் அதே தாமதத்தில்தான் போகும்.

பி.எம்.ஓ. என்பது திட்ட மேலாண்மை அலுவலகம். பெயரில் அலுவலகம் இருந்தாலும் அதற்கு அறை தேவையில்லை. அது ஒரு பொறுப்பு. உங்களிடம் ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு இன்ஜினியர் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தன் ஆர்டர் தெரியும். பக்கத்து மேஜைக்காரரின் ஆர்டரும் தன்னுடையதும் ஒரே வாரத்தில் ஒரே ப்ரோகிராமரைக் கேட்கப்போகின்றன என்பது அவருக்குத் தெரியாது; தெரிந்தாலும் யாருக்கு முதலில் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. எல்லா ஆர்டர்களையும் சேர்த்துப் பார்த்து, இப்படிப்பட்ட மோதல்களை நடப்பதற்கு முன்பே மேஜைக்குக் கொண்டுவருவதுதான் பி.எம்.ஓ.வின் அடிப்படை வேலை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

1969இல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமெரிக்கத் தொழில்முறை அமைப்பு பி.எம்.ஓ.வை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை உதவி செய்யும்: தகவல் திரட்டும், மாதிரிப் படிவம் கொடுக்கும், கேட்டால் வழி சொல்லும். இரண்டாவது வகை கட்டுப்படுத்தும்: இந்த முறையில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி, செய்தார்களா என்று பார்க்கும். மூன்றாவது வகை, திட்ட மேலாளர்களையே தன் கீழ் வைத்து நேரடியாக நடத்தும். 34 பேர் கம்பெனிக்கு முதல் வகை போதும். அதோடு இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் கட்டுப்பாடு வையுங்கள்: ஆர்டர் உள்ளே வரும்போது, நடுவில் கஸ்டமர் மாற்றம் கேட்கும்போது. தாமதத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் வருகிறது.

முதலில் உங்கள் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கடிதத்தில் இல்லாத எண்களை நான் மாதிரிக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கடந்த 13 வாரத்தில் 13 ஆர்டர் முடித்துக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒன்று. கையில் எப்போதும் 11 ஆர்டர் இருக்கிறது. அப்படியானால் ஒரு ஆர்டர் உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக 11 வாரம் ஆகும். கையில் உள்ள எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் காலம் வரும். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது. ரேஷன் கடை வரிசைக்கும் பொருந்தும், பேனல் ஆர்டருக்கும் பொருந்தும். உங்கள் விற்பனையாளர் 8 வாரம் என்று சொல்வதும், 11 வாரம் ஆவதும் யாருடைய சோம்பேறித்தனத்தாலும் இல்லை. 8 வாரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் கையில் ஒரே நேரத்தில் 8 ஆர்டருக்கு மேல் ஓடக் கூடாது. இல்லையென்றால் முடிக்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டாமல் உள்ளே இன்னும் இரண்டு ஆர்டரைத் தொடங்கினால் எல்லோருக்கும் 13 வாரம் ஆகும். இதை விற்பனை, வடிவமைப்பு, முதலாளி மூவரும் ஒரே தாளில் பார்க்கும் நாளில்தான் உங்கள் பி.எம்.ஓ. பிறக்கிறது.

அடுத்த கணக்கு ப்ரோகிராமர்களுடையது. இரண்டு பேர், வாரத்துக்கு 6 நாள். 12 ஆள்நாள் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே அனுப்பிய பேனலில் சின்னக் குறை சொல்லி சைட்டிலிருந்து போன் வரும், ஒருவர் ஈரோடு போய்வருவார், ஒரு நாள் கஸ்டமர் நேரில் வந்து உட்கார்வார். இதற்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, திட்டமிடுவதற்கு வாரத்துக்கு 8 ஆள்நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 11 ஆர்டரில் மூன்று பெரியவை, ஒவ்வொன்றுக்கும் இன்னும் 12 நாள் ப்ரோகிராம் வேலை பாக்கி. ஐந்து நடுத்தரம், தலா 6 நாள். மூன்று சின்னவை, தலா 2 நாள். மொத்தம் 36, 30, 6 சேர்ந்து 72 ஆள்நாள். நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கும் 6 வாரத்தில் இருப்பது 48 ஆள்நாள். 24 ஆள்நாள் துண்டு விழுகிறது.

இந்த 24ஐ எந்த ஃபாலோ-அப் போனும் நிரப்பாது. தினமும் காலையில் ப்ரோகிராமரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்டால், அவர் கேட்பவருக்குத் தகுந்தபடி ஒரு ஆர்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார், ஒவ்வொரு தாவலிலும் எங்கே விட்டோம் என்று மறுபடி பிடிக்க நேரம் போகும். முடிவு எடுத்தால்தான் இது தீரும், முடிவுக்கு மூன்று வழிதான் இருக்கிறது: சில ஆர்டர்களைத் தள்ளிவைப்பது, வேலையை வெளியே கொடுப்பது, வேலையைக் குறைப்பது. பட்டியலைப் பார்த்தால், மூன்று பெரிய ஆர்டரில் இரண்டுக்கு கஸ்டமரின் கட்டட வேலையே முடிந்திருக்காது, பேனல் போனாலும் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைப்பார்கள் என்று தெரியவரலாம். அந்த இரண்டுமே 24 ஆள்நாள். இன்றே கஸ்டமரிடம் பேசி எழுத்தில் புதுத் தேதி வாங்கினால் துண்டு அடைந்துவிடும். தாமதக் கழிவு போடும் நிபந்தனை ஆர்டரில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் என்ற வகையில் பல ஆர்டர்களில் இருக்கும். சைட் தயாராகாததை நீங்கள் முதலில் எழுதிச் சொல்லாமல் விட்டால், பிறகு அந்தக் கழிவு உங்கள் தலையில் விழும்.

யார் செய்வது

தனி ஆள் எடுக்க வேண்டாம், குறைந்தபட்சம் முதல் 3 மாதத்துக்கு. வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் போதும். அவர் யாராக இருக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டரை நடத்தும் இன்ஜினியர் வேண்டாம். தன் ஆர்டருக்கு ப்ரோகிராமர் வேண்டும் என்ற பக்கம் அவரை அறியாமலே சாய்வார். விற்பனையாளர் வேண்டாம், தேதியை வாக்களித்தவரே அந்தத் தேதியைச் சோதிக்க முடியாது. முதலாளியும் வேண்டாம், அவரிடம் யாரும் கெட்ட செய்தியை முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். கொள்முதல் அல்லது ஸ்டோர் பொறுப்பில் பல வருடம் இருப்பவர் நல்ல தேர்வு. எந்தப் பொருள் எப்போது வரும், எது நின்றுகொண்டிருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், எல்லோரிடமும் பேசிப் பழக்கமும் இருக்கும்.

இந்த ஆளைக் குட்டி மேலதிகாரியாக நினைத்துவிடக் கூடாது, டைப்பிஸ்டாகவும் வைத்துவிடக் கூடாது. அவர் சொல்வதற்கு எடை வர வேண்டுமென்றால் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: ஆர்டரின் முன்னுரிமை இந்தத் தாளில் இருப்பதுதான், வேறு எதுவும் செல்லாது.

ஒரே தாள்

கூகுள் ஷீட்டோ எக்செல்லோ போதும். ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. கட்டங்கள் ஒன்பதுக்கு மேல் வேண்டாம்: ஆர்டர், பொறுப்பாளர், கஸ்டமருக்குச் சொன்ன தேதி, இன்று நாம் நம்பும் தேதி, அடுத்த மைல்கல், அந்த மைல்கல்லின் தேதி, எது தடை, தடையை யார் எப்போதுக்குள் நீக்குவார், நிறம்.

பொறுப்பாளர் கட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். "டிசைன் டீம்" என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்று பொருள். தேதிகள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதுதான் இந்தத் தாளின் உயிர். பெரும்பாலான கம்பெனிகளில் தேதி ஒன்றுதான் இருக்கும்; தள்ளிப்போகப் போக அதையே அழித்து அழித்து எழுதுவார்கள். கடைசியில் எல்லா ஆர்டரும் நேரத்துக்கு முடிந்ததாகத் தாள் சொல்லும், கஸ்டமர் மட்டும் கத்திக்கொண்டிருப்பார். சொன்ன தேதியை ஒருபோதும் திருத்தாதீர்கள். கஸ்டமரே எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் மாற்றலாம், அதையும் பழைய தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மைல்கற்களை உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள்: டிராயிங்குக்கு கஸ்டமர் ஒப்புதல், பொருள் முழுவதும் வந்தது, வயரிங் முடிந்தது, ப்ரோகிராம் தயார், நம் இடத்தில் கஸ்டமர் முன்னிலையில் சோதனை, அனுப்பியது, சைட்டில் ஓட்டிக் காட்டியது, கையெழுத்து வாங்கியது. எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வேண்டும். டிராயிங் ஒப்புதல் என்றால் கஸ்டமர் கையெழுத்திட்ட பிரதி அல்லது மின்னஞ்சல். "போனில் ஓகே சொல்லிட்டார்" செல்லாது. பொருள் வந்தது என்றால் ஸ்டோரின் வரவுச் சீட்டு. ப்ரோகிராம் தயார் என்றால், எழுதியவரைத் தவிர இன்னொருவர் மேஜையில் வைத்து உள்ளீடு, வெளியீடு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்த பட்டியல்.

சதவீதம் எழுத விடாதீர்கள். "90 சதவீதம் முடிந்தது" என்பது மூன்று வாரம் அப்படியே நிற்கும். பாக்கி 10 சதவீதத்தில்தான் அலாரம், அவசர நிறுத்தம், கரண்ட் போய்வந்தால் எந்த இடத்திலிருந்து தொடங்குவது போன்ற கடினமான பகுதிகள் இருக்கும். மைல்கல் முடிந்தது அல்லது முடியவில்லை. நடுவில் எதுவும் இல்லை.

நிறத்தையும் ஆள் முடிவு செய்யக் கூடாது. கேட்டால் எல்லோரும் பச்சை என்பார்கள். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. இந்தத் துறையில் இதைத் தர்பூசணி என்றே சொல்வார்கள். பொறுப்பாளர் பொய் சொல்கிறார் என்பதில்லை, அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று உண்மையாகவே நம்புகிறார். அதனால் தேதிகளே நிறத்தைச் சொல்லட்டும். சொன்ன தேதி C கட்டத்திலும், இன்று நம்பும் தேதி D கட்டத்திலும், மைல்கல்லின் தேதி F கட்டத்திலும் இருந்தால், நிறக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=IF(OR(D2="",F2<TODAY(),D2-C2>7),"சிவப்பு",IF(D2-C2>2,"மஞ்சள்","பச்சை"))
```

7 நாளுக்கு மேல் தள்ளினால் சிவப்பு, 3 முதல் 7 நாள் வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. மைல்கல் தேதி கடந்தும் அடுத்த தேதி எழுதவில்லை என்றாலும், நம்பும் தேதியைக் காலியாக விட்டாலும் சிவப்புதான். தெரியாத தேதியைப் பச்சையாக விடுவதைவிட இது பாதுகாப்பு. நிறம் போடத் தொடங்கும் முதல் வாரத்தில் தாளில் பாதிக்கு மேல் சிவந்துவிடும். அந்த வாரத்தில் முதலாளி யாரையாவது திட்டினால், அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் தேதியைப் பொய்யாக எழுதக் கற்றுக்கொள்வார்கள். அதோடு இந்த முயற்சி முடிந்தது. சிவப்புக்கு ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: "இதை நகர்த்த என்னிடமிருந்து என்ன வேண்டும்?"

பட்டியல் எழுதும்போது ஒன்று நடக்கும், தயாராக இருங்கள். 11 என்று நினைத்தது 14, 15 ஆகும். அனுப்பி நான்கு மாதமாகியும் சைட்டில் ஓட்டிக் காட்டாதது, ஓட்டியும் இரண்டு சின்னக் குறையால் கையெழுத்து வராதது, கடைசி 10 சதவீதப் பணம் நிற்பது. எல்லாமே உங்கள் மனதில் "முடிந்த" ஆர்டர்கள். ப்ரோகிராமர் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல்போவது பெரும்பாலும் இவற்றில்தான். இவற்றையும் தாளில் எழுதுங்கள். பல கம்பெனிகளில் புது ஆர்டர் ஒன்றைத் தொடங்குவதைவிட, இப்படி நிற்கும் இரண்டை நான்கு நாள் உட்கார்ந்து முடிப்பது அதிகப் பணத்தை உள்ளே கொண்டுவரும்.

செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம்

திங்கள் மாலைக்குள் பொறுப்பாளர்கள் தங்கள் வரியைத் திருத்திவிட வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை. செவ்வாய் காலை 9:30க்கு நின்றபடி அரை மணி நேரம். முதலாளி, பொறுப்பாளர்கள், விற்பனை, கொள்முதல், இரண்டு ப்ரோகிராமர்களில் ஒருவர். பச்சையைப் பற்றிப் பேசவே கூடாது. சிவப்புக்கு மூன்று நிமிடம், மஞ்சளுக்கு ஒன்று. டிரைவ் ஏன் சூடாகிறது என்று விவாதம் தொடங்கினால் நிறுத்தி, சம்பந்தப்பட்ட இருவர் பிறகு பேசட்டும் என்று விட்டுவிட வேண்டும். கூட்டம் முடியும்போது மூன்று நான்கு முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. மினிட்ஸ் என்று தனியாக எழுத வேண்டாம். தடை கட்டத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

கூட்டத்தில் தாளுக்கு அடுத்தபடியாகத் திறந்திருக்க வேண்டியது அந்த ப்ரோகிராமர் கணக்கு: அடுத்த 6 வாரத்துக்கு வாரம் வாரியாக எத்தனை ஆள்நாள் தேவை, எத்தனை இருக்கிறது. எல்லாத் துறைக்கும் இந்தக் கணக்கு போடத் தொடங்காதீர்கள். வயரிங் ஆட்கள் குறைந்தால் வெளியிலிருந்து இருவரை நாள் கூலிக்குக் கூப்பிட முடியும். ப்ரோகிராமரை அப்படிக் கூப்பிட முடியாது. எது எளிதில் கிடைக்காதோ அதற்கு மட்டும் கணக்கு. மூன்று மாதம் கழித்து சைட் இன்ஜினியர்தான் முடிச்சு என்று தெரிந்தால் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

இனி அந்த இரண்டு வாசல்கள்.

முதல் வாசல், ஆர்டர் உள்ளே வருவது. விற்பனையாளர் தேதி சொல்வதற்கு முன் பி.எம்.ஓ. ஆளிடம் ஒரு போன் செய்ய வேண்டும். அவர் ப்ரோகிராமர் கணக்கைப் பார்த்து, "9வது வாரத்தில்தான் இடம் இருக்கிறது" என்று சொல்வார். கஸ்டமருக்கு 8 வாரம்தான் வேண்டும் என்றால் கொடுக்கலாம், ஆனால் எந்த ஆர்டர் பின்னால் போகிறது என்பதை அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும். அதோடு, வேலை தொடங்க மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: ஆர்டர் கடிதம், அட்வான்ஸ், கஸ்டமர் ஒப்புக்கொண்ட உள்ளீடு-வெளியீட்டுப் பட்டியல். மூன்றாவது இல்லாமல் தொடங்குவதுதான் இந்தத் தொழிலில் அதிக இழப்பைத் தருகிறது. எத்தனை சென்சார், எத்தனை மோட்டார் என்று தெரியாமல் வரையும் டிராயிங்கை இரண்டு தடவை வரைய வேண்டியிருக்கும், ப்ரோகிராம் ஓடும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யையும் தவறான அளவில் வாங்கிவிடுவோம்.

இரண்டாவது வாசல், மாற்றம். "ஆறு சென்சார் கூடுதலா போட்டுடுங்க சார், சின்ன வேலைதானே" என்று கஸ்டமரின் மெயின்டனன்ஸ் மேலாளர் நேராக ப்ரோகிராமரின் செல்போனுக்குப் பேசுவார். நல்ல பையன், சரி என்பார். இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பி.எல்.சி.யின் கார்டில் காலியாக 4 உள்ளீடுதான் இருக்கிறது, வேண்டியது 6. அதனால் ஒரு கார்டு கூடுதலாக வாங்க வேண்டும். அது வர 3 வாரம் என்று டீலர் சொல்கிறார். பேனலுக்குள் அந்தக் கார்டுக்கும் டெர்மினலுக்கும் இடம் வேண்டும், டிராயிங்கின் இரண்டு பக்கம் மாறும், ப்ரோகிராமில் ஒன்றரை நாள், திரையில் அரை நாள், சோதனையை அந்தப் பகுதிக்கு மறுபடி செய்ய வேண்டும். 2 ஆள்நாள் ப்ரோகிராம் வேலை. ஆனால் தேதி தள்ளுவது 3 வாரம், கார்டுக்காக. இதை ப்ரோகிராமர் தனியாகச் சரி என்று சொல்லியிருந்தால், சோதனை நாளன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு அரைப்பக்கச் சீட்டு ஒன்று போதும். யார் கேட்டார், என்ன கேட்டார், எத்தனை ஆள்நாள், என்ன பொருள், தேதி எவ்வளவு தள்ளும், பணம் எவ்வளவு, கஸ்டமர் பக்கம் யார் ஒப்புக்கொண்டார். சீட்டுக்கு எண் விழும்வரை வேலை தொடங்கக் கூடாது. உறவுக்காக இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் சீட்டு போடுங்கள். பணம் என்ற இடத்தில் பூஜ்யம் எழுதுங்கள். பணம் வாங்காத வேலையும் நாட்களைத் தின்னத்தான் செய்கிறது. பிறகு கஸ்டமர் தாமதக் கழிவு பேசும்போது, அவர் கேட்ட மாற்றங்களால் தள்ளிய நாட்கள் அவர் பெயரோடு உங்கள் கையில் இருக்கும். ப்ரோகிராமருக்கும் இது கேடயம்: "செய்துடறேன் சார், எங்க ஆபீஸ்ல ஒரு சீட்டு மட்டும் போடச் சொல்லுவாங்க" என்று மரியாதை கெடாமல் சொல்லிவிடலாம்.

எங்கே உடையும்

குடும்பக் கம்பெனிகளில் இது உடையும் இடம் பெரும்பாலும் முதலாளியின் செல்போன்தான். தெரிந்த மில்காரர் இரவு 9 மணிக்குக் கூப்பிடுகிறார். முதலாளி உடனே ப்ரோகிராமரைக் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு அதை முதல்ல எடுத்துடு" என்கிறார். செவ்வாய் எடுத்த முடிவு புதன் காலையில் இல்லாமல்போகிறது. இரண்டு தடவை இப்படி நடந்தால் தாளை யாரும் திருத்த மாட்டார்கள். எப்படியும் இரவு போன்தான் முடிவு செய்யும் என்று புரிந்துகொள்வார்கள். முன்னுரிமையை மாற்றும் உரிமை முதலாளிக்கு என்றும் உண்டு, அதைப் பறிக்க வேண்டாம். அவர் ப்ரோகிராமரைக் கூப்பிடுவதற்குப் பதில் பி.எம்.ஓ. ஆளைக் கூப்பிட்டு, எது முன்னே, அதற்காக எது பின்னே என்று இரண்டையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல வேண்டியிருப்பதாலேயே பாதிப் போன்கள் குறைந்துவிடும். இந்த ஒன்றை உங்களால் செய்ய முடியாது என்று தோன்றினால், பி.எம்.ஓ.வைத் தொடங்கவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தாள் போடும் உழைப்பு வீண்.

இன்னொரு விதமாகவும் கெடும். பி.எம்.ஓ. ஆள் நல்லவராக இருந்தால், பொறுப்பாளர்கள் தங்கள் வேலையை அவரிடம் தள்ளுவார்கள். டீலரைத் துரத்துவது, கஸ்டமருக்குப் பதில் எழுதுவது, லாரி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் தலையில் ஏறும். அவரும் வேலை ஆகட்டும் என்று செய்வார். மூன்று மாதத்தில் அவர் 11 ஆர்டருக்கும் எடுபிடி ஆகிவிடுவார், மொத்தத்தையும் பார்க்க ஆளே இருக்காது. அவருடைய வாரத்தை எழுதிப் பாருங்கள்: திங்களன்று தாள் சரியா என்று பார்க்க 2 மணி நேரம், ப்ரோகிராமர் கணக்குக்கு 2, செவ்வாய் கூட்டமும் அதற்குப் பின் முடிவுகளைத் தொடர்வதும் 2, மாற்றச் சீட்டுகளும் புதுத் தேதிகளும் 2 அல்லது 3. இது 15 மணி நேரத்தைத் தாண்டினால், அவர் மற்றவர்களின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

மென்பொருள் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது வேண்டாம். ஒரு ஆர்டரை 200 வேலைகளாக உடைத்து உள்ளே போட்டால், அதைத் திருத்திக்கொண்டிருக்கவே ஒரு ஆள் வேண்டும். இரண்டாவது வாரமே திரையில் இருப்பது பழைய கதையாகிவிடும். ஒன்பது கட்டத் தாளை மூன்று மாதம் ஒரு வாரம்கூட விடாமல் திருத்த முடிந்தால், அப்போது யோசிக்கலாம். முடியாவிட்டால் மென்பொருளும் முடியாது.

தொடங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் வாரம் பட்டியல் மட்டும். கூட்டம் வேண்டாம், நிறமும் வேண்டாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் சொன்ன தேதியை ஆர்டர் கடிதத்திலிருந்தே எடுங்கள், நினைவிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டாவது வாரம் ப்ரோகிராமர் கணக்கு. பாக்கி நாட்களை ப்ரோகிராமர்களே சொல்ல வேண்டும், இன்ஜினியர் குறைத்துச் சொல்வார். அந்த வாரமே துண்டு எவ்வளவு என்று தெரிந்துவிடும். எந்த ஆர்டர் தள்ளுகிறது என்று முடிவெடுத்து, கஸ்டமர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு பேசிவிடுங்கள். சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் முன்பு தெரிவித்தால் அவர் தன் வேலையை மாற்றிக்கொள்வார். இரண்டு நாள் முன்பு தெரிவித்தால் சண்டைதான். மூன்றாவது வாரம் செவ்வாய்க் கூட்டமும் நிறமும். ஐந்தாவது வாரம் மாற்றச் சீட்டு. ஒரே ஒரு புது ஆர்டரில் தொடங்கிப் பழகியபின் எல்லாவற்றுக்கும் விரியுங்கள். நடுவில் ஓடும் ஆர்டர்களுக்குப் பின்னோக்கிச் சீட்டு எழுத வேண்டாம், அது கஸ்டமரைச் சீண்டும். ஆர்டர் வாசலைக் கடைசியில் வையுங்கள், ஏழாவது அல்லது எட்டாவது வாரம். அதற்குள் ப்ரோகிராமர் கணக்கு ஓரளவு சரியாக வரும், விற்பனையாளரும் அதை நம்புவார். முதல் வாரமே அவரைக் கட்டுப்படுத்தினால், அதை எதிர்க்கவே அவர் நேரம் போகும்.

மூன்று மாதம் முடிந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். முடிந்த ஆர்டர்களில் சொன்ன தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் இடைவெளி சராசரியாக எத்தனை நாள். கையில் ஒரே நேரத்தில் ஓடும் ஆர்டர் எத்தனை. இரண்டாவது எண் 11இலிருந்து 8, 9க்கு இறங்கத் தொடங்கியிருந்தால் முதல் எண் தானே பின்னால் வரும். இரண்டாவது எண் அசையவில்லை என்றால், தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் புது ஆர்டர்களை இன்னும் பழைய மாதிரியே தொடங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தாளில் உள்ள ஒரு கட்டத்தை ஒரு மாதமாக யாரும் பார்த்து முடிவெடுக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள், படிவமும் அப்படியே.

இதனால் சரியாகாதவையும் உண்டு. விலையைக் குறைத்துப் பிடித்த ஆர்டர் நஷ்டத்தில்தான் முடியும். சீக்கிரம் தெரியவரும், அவ்வளவுதான். இரண்டு ப்ரோகிராமர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் எந்தத் தாளும் தாங்காது. 72 ஆள்நாள் வேலைக்கு 48தான் இருக்கிறது என்ற நிலை மூன்று மாதமும் தொடர்ந்தால், உங்களுக்குத் தேவை மூன்றாவது ப்ரோகிராமர். அப்போது அந்தக் கணக்கையே எடுத்து வைத்து, அவருடைய சம்பளத்தையும் நிற்கும் ஆர்டர்களின் கடைசி 10 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆள் எடுப்பதா, ஆர்டரைக் குறைப்பதா என்பது அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும்.